ஒரு ஸ்லைடு, ஒரு வேலை, இத்தனை நிமிடம்

இன்ஸ்டாகிராமில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசைக்குக் கரோசல் என்று பெயர். 2017இல் வந்தபோது 10 படம் வரை போடலாம், இப்போது 20. வகுப்பறைச் செயல்பாடுகளைப் பகிரும் ஆசிரியர்களுக்கு இது வசதியான வடிவம். ஆனால் பல கரோசல்களில் படம் அழகாக இருக்கும். என்ன பொருள், எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பது இருக்காது.

மஞ்சள் காகிதச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 40 மாணவர்கள், ஐவர் கொண்ட 8 குழுக்கள், 40 நிமிட வகுப்பு. முதல் ஸ்லைடில் தலைப்பும் மொத்த நேரமும் போதும்.

இரண்டாவதுதான் உயிர்நாடி. இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளைச் சிறிது நீரில் குழைத்து, வழவழப்பில்லாத இரண்டு ஏ4 தாள்களில் மெல்லியதாகப் பூசி, முதல்நாளே நிழலில் உலர்த்த வேண்டும். தடித்துப் பூசினால் உதிர்ந்துவிடும். காய்ந்த தாள்களை 40 துண்டுகளாக நறுக்கினால் குழுவுக்கு ஐந்து வரும்: சோதிக்க நான்கு, கைகாவலாக ஒன்று. எலுமிச்சைச் சாறு, சலவை சோப்பு நீர், உப்பு நீர், வெறும் நீர் ஆகியவற்றை ஊற்ற 32 பாட்டில் மூடிகள் வேண்டும். முதல்நாள் வேலை என்பதை இந்த ஸ்லைடிலேயே பெரிதாக எழுதாவிட்டால், வகுப்புக்குள் நுழைந்த பிறகுதான் ஆசிரியருக்கு அது தெரியவரும்.

அடுத்த ஸ்லைடுகளில் வேலைக்கு ஒன்றாக நேரம் வரும். பொருள் விநியோகம் 5 நிமிடம், எது நிறம் மாற்றும் என்று ஊகித்து எழுத 5, துளிவிட்டுப் பார்க்க 12. பிறகு, சோப்பு நீரால் சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டு மஞ்சள் திரும்புவதைக் காண 5, பேச 8, துடைத்து ஒதுக்க 5. கூட்டினால் சரியாக 40. விநியோகத்தையும் துடைப்பதையும் கணக்கில் விடுகிற கரோசலை நம்பினால், மணி அடிக்கும்போது பேச்சே தொடங்கியிருக்காது. பிள்ளைகள் காரணம் யோசிப்பது அந்த 8 நிமிடத்தில்தான். அதைக் குறைக்கவே கூடாது.

பேச்சுக்கான ஸ்லைடில் ஒரு பிழை எளிதாகப் புகுந்துவிடும்: ‘மஞ்சளாகவே இருந்தால் அமிலம்’ என்று எழுதுவது. வெறும் நீரிலும் உப்பு நீரிலும் காகிதம் மஞ்சளாகத்தான் இருக்கும். மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அமிலத்தையும் நடுநிலையையும் பிரிக்காது. வெறும் நீரைப் பட்டியலில் சேர்த்ததே இதற்காகத்தான். சமையல் சோடாவை மாற்றாகச் சொல்வதிலும் கவனம் தேவை. அது வலுக் குறைந்த காரம், நிறம் மங்கலாகவே மாறும், பின்வரிசைக்குத் தெரியாது.

ஆரத்தி நீர் சிவப்பதற்கும் இதே வேதியியல்தான் காரணம். மஞ்சளோடு அங்கே சுண்ணாம்பு சேர்கிறது. அதைக் கடைசி ஸ்லைடில் கேள்வியாக வைக்கலாம். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கடுமையான காயம் ஏற்படும். மாணவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அந்தக் கேள்வியோடு அதே ஸ்லைடில் இருக்க வேண்டும். ஒரு ஸ்லைடை மட்டும் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவோர் நிறைய.