வாரத்துக்கு எத்தனை நடை? எத்தனை லாரி?

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் கூட்டு மாறலை முடித்த மறுநாள், பாடநூலுக்கு வெளியே இருந்து ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். திருநின்றவூரில் இருக்கும் எங்கள் மாணவர்களுக்கு லாரி புதிதல்ல. சி.டி.எச். சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போது தினமும் பார்ப்பதுதான். அதனால் கணக்கை அங்கிருந்தே எடுத்தேன்.

"கும்மிடிப்பூண்டியில் உள்ள கம்பி ஆலையிலிருந்து திருநின்றவூரில் உள்ள ஒரு கிடங்குக்கு வாரந்தோறும் 240 டன் கட்டுமானக் கம்பி வர வேண்டும். தூரம் 45 கிலோமீட்டர். வாரத்துக்கு எத்தனை நடை? எத்தனை லாரி?"

ஆலையும் கிடங்கும் கற்பனை. எண்கள் வகுப்புக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலைகள் இருப்பதும், அங்கிருந்து லாரியில் கம்பி வருவதும் உண்மை.

பெரும்பாலான குழுக்கள் 2 லாரி போதும் என்றன. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "அப்படீன்னா எங்க அப்பா வீட்டுக்கு வர ராத்திரி ஆயிடும் டீச்சர்" என்றாள். அவள் அப்பா லாரி ஓட்டுநர். அவள் சொன்னது சரி. எங்கள் கணக்கு எங்கே தவறியது என்று தேடியதில் இரண்டு பாடவேளைகள் போயின. அந்தத் தேடலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடைகளின் எண்ணிக்கை

மொத்தச் சுமையை ஒரு லாரியின் சுமையால் வகுத்தால் நடைகள் கிடைக்கும். ஒரு லாரியின் சுமை எவ்வளவு என்பதில்தான் முதல் தவறு நிகழ்கிறது. 'டாரஸ்' என்று நாம் சொல்லும் பத்துச் சக்கர லாரிக்கு மூன்று அச்சுகள். இவ்வகை லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 25 டன்னாக இருந்தது. 2018-இல் மத்திய அரசு அதை 28.5 டன்னாக உயர்த்தியது. ஒரு குழு இந்த 28.5-ஐக் கொண்டு 240-ஐ வகுத்து, 9 நடை என்று எழுதியிருந்தது.

ஆனால் அந்த 28.5 டன்னில் லாரியின் சொந்த எடையும் அடக்கம். ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடை தனியாக எழுதப்பட்டிருக்கும். எங்கள் கணக்கில் அது 10 டன். எனவே ஏற்றக்கூடியது 18.5 டன் மட்டுமே. 9 நடையில் முடிக்க வேண்டுமானால் ஒரு நடைக்கு ஏறக்குறைய 26.7 டன் ஏற்ற வேண்டும், லாரி 36.7 டன்னோடு சாலையில் ஓடும். வரம்பைவிட 8 டன் கூடுதல். அச்சு முறிவதும், பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் போவதும் இப்படிப்பட்ட சுமையில்தான். தாளில் 'விடை சிறியதாக வந்திருக்கிறது' என்பது மட்டுமே தெரியும். எனவே விடையை வைத்துப் பின்னோக்கிப் பெருக்கி, ஒரு நடையின் சுமை என்ன ஆகிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அடுத்து, கம்பி மணல்போல அளந்து கொட்டும் பொருள் அல்ல, கட்டுகளாக வரும். ஒரு கட்டு 2 டன் என்று வைத்துக்கொண்டோம். 18.5 டன்னுக்குள் 9 கட்டுகள்தான் அடங்கும். அதாவது ஒரு நடைக்கு 18 டன். 240-ஐ 18-ஆல் வகுத்தால் 13.33. பதின்மூன்று நடையில் 234 டன்தான் வரும். மீதி 6 டன்னுக்கும் ஒரு லாரி வந்தாக வேண்டும். ஆகவே 14 நடை. இங்கே பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்குகிறோம்.

"இடம் போதுமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு கன மீட்டர் இரும்பு 7.85 டன். எனவே 18 டன் இரும்பின் பருமன் 2.3 கன மீட்டர்தான். கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சேர்த்தாலும் லாரியின் பெட்டியில் பெரும்பகுதி காலியாக இருக்கும். இரும்பில் எடைதான் முதலில் தடுக்கும். வைக்கோல், காலி பிளாஸ்டிக் புட்டிகள் போன்றவற்றில் எடை வரம்பை எட்டும் முன்பே இடம் நிறைந்துவிடும். அங்கே கன மீட்டரால் வகுக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, எது அதிக நடை கேட்கிறதோ அதை எடுப்பதே சரியான முறை.

இதுவரை 45 கிலோமீட்டர் என்ற எண்ணை நாங்கள் தொடவே இல்லை. பாதி மாணவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. தூரம் எவ்வளவானாலும் நடை 14-தான். தூரம் மாற்றுவது லாரிகளின் எண்ணிக்கையை.

ஒரு நடைக்கு எவ்வளவு நேரம்?

சுமையோடு வரும்போது சராசரி வேகம் மணிக்கு 30 கி.மீ., காலியாகத் திரும்பும்போது 45 கி.மீ. என்று கொண்டோம். வர 1.5 மணி; போக 1 மணி. சில மாணவர்கள் இரு வேகங்களையும் கூட்டி இரண்டால் வகுத்து 37.5 என்றார்கள். 90 கிலோமீட்டருக்கு 2.5 மணி ஆகும்போது உண்மையான சராசரி 36. மெதுவான வேகத்தில் அதிக நேரம் கழிவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

ஓடும் நேரம் மட்டும் நடையின் நேரம் ஆகாது. ஆலை வாசலில் வரிசை, கிரேன் மூலம் கட்டு ஏற்றுதல், காலி வண்டியையும் சுமை வண்டியையும் எடைமேடையில் நிறுத்துதல், பில் வாங்குதல், இங்கே வந்து இறக்குதல் என்று வேலைகள் இருக்கின்றன. ஏற்ற 1.5 மணி, எடைக்கும் பில்லுக்கும் அரை மணி, இறக்க 1 மணி என்று வைத்தோம். அது 3 மணி. ஆக ஒரு நடைக்கு 5.5 மணி. அதில் பாதிக்கும் மேல் லாரி நின்றுகொண்டிருக்கும் நேரம்.

எங்கே தவறினோம்?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 வகுத்த வரம்பு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. எவையெல்லாம் வேலை நேரம் என்பதற்கு அதில் தனி விளக்கம் உண்டு. நாங்கள் எளிமைக்காக ஏற்றுவது, இறக்குவது உட்பட எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டோம். குழுக்கள் 48-ஐ 5.5-ஆல் வகுத்து 8.7 என்று கண்டு, ஒரு லாரிக்கு வாரம் 8 நடை என்று எழுதின. இரண்டு லாரிக்கு 16. தேவை 14. எனவே 2 லாரி போதும்!

மாணவியின் கேள்வியை இப்போது வைத்துப் பாருங்கள். அவள் அப்பா காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்புபவர். ஒரு நாளின் 8 மணி நேரத்தில் 5.5 மணி நடை ஒன்றுதான் முடியும். மீதி 2.5 மணியில் அரை நடை போக முடியாது. எனவே நாளுக்கு 1 நடை, ஆறு நாளுக்கு 6 நடை. 8 அல்ல. இரண்டு லாரிக்கு 12 நடை, 216 டன். 24 டன் கிடங்குக்கு வராது. அதையும் வரவழைக்க வேண்டுமானால், வாரத்தில் இரண்டு முறை யாராவது ஓர் ஓட்டுநர் ஒரே நாளில் இரண்டு நடை அடிக்க வேண்டும். அது 11 மணி நேரம். காலை 8 மணிக்குக் கிளம்பியவர், சாப்பாட்டு நேரத்தைச் சேர்க்காமலே, இரவு 7 மணிக்குத்தான் முடிப்பார். தாளில் நாம் விட்டுவிட்ட பின்னம் ஒருவருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

வாரத்துக்கு 8 நடை என்ற விடை முற்றிலும் பொய்யும் அல்ல. 8 மணி முடிந்ததும் லாரியை இருக்கும் இடத்திலேயே நிறுத்தி, ஓட்டுநர் வண்டியிலேயே படுத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது நடக்கும். நெடுந்தூர லாரிகள் அப்படித்தான் ஓடுகின்றன. தினமும் வீடு திரும்பும் வண்டிக்கு நாளையும், வழியில் தங்கும் வண்டிக்கு வாரத்தையும் அலகாகக் கொள்ள வேண்டும். கணக்கில் இது சொல்லப்படாவிட்டால் மாணவர்கள் கேட்க வேண்டும்.

ஆக, 14-ஐ 6-ஆல் வகுத்தால் 2.33. 3 லாரி வேண்டும். தேவையான நடைகளையும் லாரிகளையும் மேல்நோக்கி முழுமையாக்கினோம். ஒரு நாளில் முடியும் நடைகளைக் கீழ்நோக்கி முழுமையாக்கினோம். 'பின்னம் வந்தால் ஒன்று கூட்டு' என்று விதியாகச் சொல்லிக்கொடுத்தால் இந்த இடத்தில் பிள்ளைகள் இடறுவார்கள். மூன்று லாரிக்கு 18 நடை முடியும்; தேவை 14. மிச்சமுள்ள 4 நடை வீண் அல்ல. ஒரு லாரி எஃப்.சி.க்குப் போய் 4 நாள் நின்றாலும் கம்பி வந்துவிடும்.

தூரம் மாறினால்?

இரண்டாம் நாள், அதே கம்பி 15 கி.மீ. தொலைவிலுள்ள ஓர் இடத்திலிருந்து வருவதாக மாற்றினேன். தூரம் மூன்றில் ஒரு பங்கு ஆனதால் லாரியும் 1 போதும் என்று பல கைகள் உயர்ந்தன. வர 30 நிமிடம், போக 20 நிமிடம், நிற்கும் நேரம் அதே 3 மணி. ஒரு நடைக்கு 3 மணி 50 நிமிடம். நாளுக்கு 2 நடை, வாரத்துக்கு 12. தேவை 14 என்பதால் 2 லாரி. தூரம் மூன்றில் ஒன்றாகியும் லாரி ஒன்றுதான் குறைந்தது.

பிறகு தூரத்தை d என்று வைத்தோம். போய்வர ஆகும் நேரம் d/30 + d/45, அதாவது d/18 மணி. நாளுக்கு இரண்டு நடை அடிக்க ஒரு நடை 4 மணிக்குள் முடிய வேண்டும். நிற்கும் 3 மணி போக ஓட 1 மணிதான் மிஞ்சும். எனவே d அதிகபட்சம் 18 கி.மீ. ஒரு நடையாவது முடிய ஓட 5 மணி இருக்கிறது. எனவே d அதிகபட்சம் 90 கி.மீ. பதினெட்டுக்கு மேல் 90 வரை எந்தத் தூரமானாலும் நாளுக்கு ஒரே நடை, 3 லாரி. வரைபடத் தாளில் குறித்தால் சாய்கோடு வராது, படிக்கட்டு வரும். நேர் மாறல், எதிர் மாறல் என்று பழகிய மாணவர்கள் இந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

18 கி.மீ. என்ற விளிம்பில் வரும் விடையை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே ஆலை வாசலில் கால் மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தாலே இரண்டாவது நடை எட்டு மணியைத் தாண்டிவிடும். 45 கி.மீ. கணக்கில் அதே கால் மணியால் விடை மாறாது. மதிப்பீட்டை முடித்த பிறகு ஒவ்வோர் எண்ணையும் சற்றே கூட்டிப் பார்த்து, விடை மாறுகிறதா என்று சோதிப்பதை நான் கடைசிப் படியாக வைத்திருக்கிறேன்.

மறுநாள் அந்த மாணவி அப்பாவிடம் கேட்டு வந்து ஓர் எண்ணைத் திருத்தினாள். இறக்க ஆகும் நேரம் 1 மணி அல்ல, ஆள் குறைவாக இருந்தால் 2 மணி. ஒரு நடை 6.5 மணி ஆயிற்று. விடை அதே 3 லாரிதான். ஏன் மாறவில்லை என்பதை அவளே கரும்பலகையில் விளக்கினாள்.