ஆறு பேர் எங்கே போனார்கள்?

பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லி வாரம் ஒருமுறை போனில் நினைவூட்டினால் பலன் இருக்குமா? இதைப் பார்க்க ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறிய முன்னோட்ட ஆய்வு நடந்ததாக வைத்துக்கொள்வோம். 60 பேரைக் கேட்டதில் 40 பேர் சம்மதித்தார்கள். அவர்களைச் சேர்க்க இரண்டு மாதம் ஆனது. கடைசிவரை நின்றவர்கள் 34 பேர். போன் வந்த குழுவுக்கு மற்ற குழுவைவிட ரத்த அழுத்தம் 10 புள்ளி கூடுதலாகக் குறைந்தது.

இதற்கு 20 பக்க அறிக்கை கையில் இருக்கிறது. பெரிய ஆய்வுக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் ‘முதற்கட்ட முடிவுகள்’ பகுதிக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினாலே அதிகம். எதை வைப்பது, எதை விடுவது?

அந்த 10 புள்ளியை முதலில் போடத்தான் கை துடிக்கும். ஆனால் 34 பேரை வைத்துச் சொன்ன எண் அது. உண்மையான வித்தியாசம் 20 ஆகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 72 பேர் போதும் என்று வரும். உண்மைப் பலன் 5 புள்ளிதான் என்றால், அந்த ஆய்வு அதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்காது.

ஆகவே மருத்துவர்கள் பொருட்படுத்தும் மிகச்சிறிய குறைவு எது என்று கேட்டு, அதை வைத்துக் கணக்கிட வேண்டும். அது 5 புள்ளி என்று கொள்வோம். முன்னோட்டத்திலிருந்து எடுப்பது, ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும். அந்தத் திட்ட விலக்கம் 15 என்றால், 80 சதவீத வாய்ப்போடு பலனைக் கண்டறியக் கடைசியில் 284 பேர் வேண்டும்.

இனிதான் அறிக்கையின் மூலையில் கிடந்த எண்களுக்கு வேலை. நாற்பதில் ஆறு பேர் விலகியதால் சுமார் 335 பேரைச் சேர்க்க வேண்டும். மூவரில் இருவரே சம்மதிப்பதால் சுமார் 500 பேரைக் கேட்க வேண்டும். மாதம் 20 பேர் என்ற வேகத்தில் ஒரே நிலையத்தில் சேர்த்தால் 17 மாதம் ஆகும். நான்கு நிலையங்களில் நாலரை மாதத்துக்குள் முடியும். கால அட்டவணையும் செலவுக் கணக்கும் இங்கிருந்தே பிறக்கின்றன.

வாக்கியங்களும் மாறும். அறிக்கையில் “ஆறு பேர் இடையில் விலகினர்” என்று இருக்கும். விண்ணப்பத்தில் அது இப்படி ஆகும்: “ஆறு பேரில் நால்வரின் போன் எண் மாறியிருந்தது, எனவே இம்முறை வீட்டில் இன்னொருவரின் எண்ணையும் வாங்குவோம். இருவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு, ஊர் திரும்பும் நாளில் அளவெடுப்போம்.” நடந்ததைச் சொல்லும் வரி ஒவ்வொன்றும், செய்யப்போவதைச் சொல்லும் ஒரு வரியில் போய் முடிய வேண்டும். அப்படி முடியாததை அறிக்கையிலேயே விட்டுவிடலாம்.

விலகியவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் விண்ணப்பம் அழகாகத் தெரியும் என்று சிலர் நினைப்பதுண்டு. நாற்பதிலிருந்து முப்பத்துநாலைக் கழிக்க மதிப்பீட்டாளருக்கு எத்தனை நொடி ஆகும்?