இலைகளை வெட்டாமல் வானத்தைக் குறைப்பது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம். தலையில் வெள்ளைத் துண்டு கட்டிய விவசாயி ஒருவர் பந்தலின் நிழலில் நின்று குலைகளை அறுக்கிறார். அவருக்குப் பின்னே மலைத்தொடரும் மேகம் படர்ந்த வானமும். நிழலிலுள்ள முகம் தெரியும்படி படம் எடுத்தால் வானம் வெளுத்துவிடுகிறது. வானத்துக்கு ஏற்ப எடுத்தாலோ முகம் கறுத்துவிடுகிறது.

வானத்தை மட்டும் கணிப்பொறியில் வெட்டி எடுத்து மங்கலாக்கலாமே எனத் தோன்றும். ஆனால் இலைகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான சிறு இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் வானம் எட்டிப் பார்க்கிறது. எந்தக் கத்தரிக்கோல் அவ்வளவையும் வெட்டும்?

வெட்டாமலே செய்ய ஒரு வழி உண்டு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கறுப்பு 0, வெண்மை 100 என ஒளி மதிப்பெண் கொடுப்போம். நம் படத்தில் முகம் 30, இலைகள் 25, வானம் 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். '70க்கு மேற்பட்ட புள்ளிகளை மட்டும் மாற்று' என்றால் போதும். இலை இடுக்குகளின் வானமும் தானே அகப்பட்டுவிடும். இப்படி ஒளியை வைத்துப் புள்ளிகளைப் பிரிக்கும் திரைக்கு ஒளிர்வு மாஸ்க் என்று பெயர்.

லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் Develop பகுதியில் Masking என்பதைத் திறந்து, Luminance Range-ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டையில் தேர்வு எல்லையை 70 முதல் 100 வரை வையுங்கள். அங்கே சட்டென்று நிறுத்தினால் இலை ஓரங்களில் அசிங்கமான கோடு விழும். ஆகவே கீழ்முனையை 50 வரை சரிவாக இழுத்துவிட வேண்டும். அப்போது 60 மதிப்புள்ள ஓரப்புள்ளி ஏறத்தாழ பாதியளவே மாறும். பின் Exposure-ஐ -1 ஆக்கினால் வானத்தின் ஒளி பாதியாகும். முகம் அப்படியே இருக்கும்.

Show Luminance Map என்பதை அழுத்திப் பாருங்கள். தேர்வான இடங்கள் சிவப்பாகத் தெரியும். அட, விவசாயியின் தலைத்துண்டும் சிவந்திருக்கிறதே! வெயில் கீற்று பட்ட வெள்ளைத் துணிக்கும் மேகத்துக்கும் மதிப்பெண் ஒன்றே. எது வானம், எது துணி என்பது மாஸ்க்குக்குத் தெரியாது. Subtract, Brush என்று தேர்ந்து துண்டின்மேல் தடவினால் அது விலகிவிடும். இங்கே மிகத் துல்லியம் தேவையில்லை. துண்டைச் சுற்றி இருண்ட இலைகளே இருப்பதால் தூரிகை சிறிது வழிந்தாலும் பாதகமில்லை.

வானம் முழுவதும் 100 ஆகிவிட்டிருந்தால் இம்முறை பயன்படாது. அங்கே மேகத்தின் பதிவே இல்லை. குறைத்தால் தட்டையான சாம்பல் நிறமே மிஞ்சும். J விசையை அழுத்தினால் அத்தகைய இடங்கள் சிவப்பாகக் காட்டப்படும். ஆகையால் படம் எடுக்கும்போதே வானம் வெளுத்துப்போகாத அளவுக்கு ஒளியைச் சற்றுக் குறைத்து, ரா கோப்பாகப் பதிவு செய்யுங்கள். இருண்ட முகத்தைப் பிறகு ஓரளவு வெளிச்சமாக்கலாம்.