தறியை விட்டவர்களும் கணக்கில் வேண்டும்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களில் ஒரு குழுவில் 10 ஆண்டுகளில் 80 பேர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். அதே வயதுள்ள பொதுமக்களின் இறப்பு வீதப்படி 100 பேர் இறந்திருக்க வேண்டும். 80ஐ 100ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால், தரப்படுத்திய இறப்பு விகிதம் 80.

அப்படியானால் நெசவு ஆயுளைக் கூட்டுகிறதா? இல்லை. நாள் முழுக்கக் குழித்தறி மிதிக்கத் தெம்புள்ளவரே தொழிலுக்கு வருகிறார்; மூச்சிரைப்பு முற்றியவர் விலகிவிடுகிறார். பொதுமக்களிலோ படுக்கையில் கிடப்பவரும் அடக்கம். ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்னும் இதை ரப்பர் ஆலைத் தொழிலாளர்களை ஆய்ந்த மெக்மைக்கேல் 1976இல் விரித்து எழுதினார்.

அந்த 80க்குள், நுரையீரல் நோயால் மட்டும் 10க்குப் பதில் 18 பேர் இறந்திருக்கலாம். அதன் விகிதம் 180. மொத்தக் கணக்கு இதை விழுங்கிவிடும். ஆகவே நோய்வாரியாகப் பிரியுங்கள், பொதுமக்களோடு அல்லாமல் தொழிலுக்குள்ளேயே சாயமிடுபவரை நெய்பவரோடு ஒப்பிடுங்கள், தறியை விட்டவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்காதீர்கள்.