உங்களுக்குத் தெரியுமா? மூங்கில் வாளும் சாமுராயின் மானமும்

சாமுராய் கதைகளை நகர்த்துவது வாள்சண்டை அல்ல, மீற முடியாத மானநெறிதான். மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’ (1962) திரைப்படம் இதற்கு வலுவான சான்று. கதை நடப்பது 1630இல். எஜமானை இழந்து வறுமையில் வாடும் இளைஞன் மோதோமே, எடோ நகரில் உள்ள ஈயி குலத்தின் மாளிகைக்கு வந்து, அங்கே வயிற்றைக் கிழித்து உயிர்விட அனுமதி கேட்கிறான். ஏதாவது பணம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்பது அவன் நம்பிக்கை. அவர்களோ சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். நோயுற்ற மனைவிக்கும் குழந்தைக்குமாக அவன் தன் வாள்களை ஏற்கெனவே விற்றுவிட்டான். உறையில் இருப்பது மூங்கில். அந்த மூங்கிலாலேயே அவனைச் சாகவைக்கிறார்கள்.

இது கொடியவர்களின் செயல்தானே, நெறியின் குற்றமா என்று கேட்கலாம். ஆனால் குலத்தின் மூத்த அதிகாரி சட்டத்தை மீறவில்லை. விட்டுக்கொடுத்தால் இன்னும் பலர் இதே தந்திரத்தோடு வருவார்கள் என்று கணக்குப் போடுகிறார். அதைவிட முக்கியம், நியாயம் கேட்க வரும் மாமனார் ஹன்ஷிரோவும் அதே நெறியின் கைதி. மருமகன் வாளை விற்றான் என்று அறிந்தபோதுதான், தன் வாளை விற்கும் எண்ணமே தனக்கு வராதது அவருக்கு உறைக்கிறது. நாயகனையும் எதிராளியையும் ஒரே விதி கட்டிப்போடுவதால்தான் மோதல் இவ்வளவு கூர்மையாகிறது.

ஹன்ஷிரோ அந்தக் குலத்தின் மூன்று வீரர்களைக் கொல்லாமல் குடுமியை மட்டும் அறுக்கிறார். மானம் போன அவர்களோ நோய் என்று சொல்லி ஒளிந்துகொள்கிறார்கள். பிறருக்கு விதித்ததைத் தங்களுக்கு விதித்துக்கொள்ளாத அந்த நெறி, கோபயாஷியின் பார்வையில் வெறும் வேஷம்.