அறைக்குத்தானே வரம்பு, மருந்தில் ஏன் கை வைத்தார்கள்?

பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் ஆஸ்பத்திரி பில்லின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியிருந்தார். கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன், நாலு நாள் அட்மிஷன், பில் 1,50,000 ரூபாய். இன்ஷூரன்ஸில் வந்தது 90,000. "மூணு லட்சத்துக்கு பாலிசி இருக்கே தம்பி, மீதி எங்கே போச்சு?" என்று கேட்டார்.

பாலிசியைப் பிரித்தேன். அறை வாடகையும் நர்சிங் கட்டணமும் சேர்த்து ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான். பில்லில் அறைக்கு 4,300 என்றிருந்தது. நாலு வரி தள்ளி நர்சிங் 700. இரண்டையும் கூட்டினால் 5,000. வரம்பு அதில் 60 சதவீதம்.

கூடுதலான 2,000 மட்டும்தான், நாலு நாளைக்கு 8,000 போகும் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். ஆனால் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அறையின் தரம் ஏற ஏற சர்ஜன் கட்டணமும் தியேட்டர் வாடகையும் ஏறும். அதனால் அவற்றையும் அதே விகிதத்தில் குறைக்க பாலிசி இடம் தருகிறது. இதுதான் விகிதாசாரக் கழிவு.

தப்பு நடந்தது வேறிடத்தில். மொத்த பில்லையும் 60 சதவீதமாக்கிவிட்டார்கள். மருந்து, உடலுக்குள் வைக்கும் சாதனம், பரிசோதனை ஆகியவற்றில் இந்தக் கழிவு கூடாது என்று ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லிவிட்டது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. எந்த அறையில் படுத்தாலும் மாத்திரை விலை ஒன்றுதானே!

பில்லை மறுபடி பிரித்துப் போட்டோம். அறையும் நர்சிங்கும் 20,000. கிடைக்க வேண்டியது 12,000. டாக்டர்கள், தியேட்டர் 80,000, அதில் 48,000. மருந்து 28,000, மெஷ் 12,000, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 10,000. இந்த 50,000-இல் கை வைக்கக் கூடாது. ஆக 1,10,000 வர வேண்டும், 20,000 குறைகிறது. (கையுறை மாதிரி பாலிசியே தராத சில்லறைச் சாமான்கள் மருந்துக் கணக்கில் இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.)

இன்னொன்றும் கேட்கச் சொன்னேன். எல்லா அறைக்கும் ஒரே சர்ஜன் கட்டணம்தான் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால், அந்தக் கட்டணத்திலும் வெட்ட முடியாது.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பி மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். அக்கா அனுப்பியதில் மருந்துப் பக்கமே இல்லை. முழு பில்லை வாங்கிய பிறகுதான் 28,000 தெரிந்தது. அதையும் கழிவு விவரக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.