தொடர்நிலை உரைபெயர்ப்பில் நினைவும் குறிப்பும்: தமிழ்த் தொடரமைப்பை முன்வைத்து

முன்னுரை

ஒருவர் பேசி நிறுத்தியபின் அவர் கூறியதை மற்றொரு மொழியில் வாய்மொழியாகப் பெயர்த்துரைப்பது தொடர்நிலை உரைபெயர்ப்பு எனப்படும். தமிழகத்தில் எழுத்துப் பணிக்கும் வாய்மொழிப் பணிக்கும் 'மொழிபெயர்ப்பாளர்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. இலங்கை நீதிமன்ற வழக்கில் உள்ள 'உரைபெயர்ப்பாளர்' என்பது வாய்மொழிப் பணியைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதால் இங்கு அச்சொல்லே எடுத்தாளப்படுகிறது.

தாம்பரம் சானடோரியத்தில் மருத்துவர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் நிலையம், பின்னர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாயிற்று. ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் நாடி வரும் இடம் அது. புறநகரின் கட்டுமானப் பணிகளில் வடமாநிலத் தொழிலாளர் பெருகியுள்ளனர். இத்தகைய பகுதியில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே பெரும்பாலும் உறவினரோ உடன் வந்தவரோதாம் உரைபெயர்ப்பாளராக நிற்கின்றனர். மறுபுறம், ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் பொருட்டு அந்நாட்டின் 'நாட்டி' அமைப்பு நடத்தும் சமூகமொழித் தேர்வைத் தமிழில் எழுதுவோரும் இப்புறநகர்களில் உளர். அவர்கள் கையாளும் குறிப்பு முறை ஐரோப்பிய மொழிகளுக்கென உருவானது. அதனைத் தமிழின் தொடரமைப்புக்கு ஏற்ப எவ்விடத்தில் மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள்.

தேர்வின் அமைப்பு

அத்தேர்வில் இரண்டு உரையாடல்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 சொற்கள் கொண்டது. ஒருவர் ஆங்கிலத்திலும் மற்றவர் தமிழிலும் பேசுவர். பேச்சு 35 சொற்களுக்கு மேற்படாத கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். உரையாடலுக்கு 45 மதிப்பெண். பிழைக்கேற்ப அதிலிருந்து கழிக்கப்படும். தேர்ச்சிக்கு ஒவ்வொன்றிலும் குறைந்தது 29உம், மொத்தத்தில் 63உம் வேண்டும். குறிப்பெடுக்க இசைவுண்டு. இது மொழித்திறன் தேர்வேயன்றி மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ பணியாற்றுவதற்கான சான்று அன்று. அதற்கு வேறு தேர்வுகள் உள்ளன. எனினும் உடல்நலமும் சட்டமும் இத்தேர்வின் களங்களுள் அடங்குவதால் பயிற்சியின் அடிப்படை ஒன்றே.

35 சொல் என்னும் வரம்பு இரு மொழிகளிலும் ஒரே சுமையைக் குறிப்பதன்று. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ஒரு வினைமுற்றே காலம், இடம், எண், எதிர்மறை, கேள்விச்செய்தி ஆகியவற்றைத் தாங்கி நிற்கும். ஆங்கிலத்தில் நாற்பது சொல்லில் விரிவது தமிழில் இருபது சொல்லில் அடங்கிவிடும். பயில்வோர் தமிழ்க் கூறுகளை 'சிறியவை' எனக் கருதி ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

எதை நினைவில் வைப்பது, எதைத் தாளில் வைப்பது

1956இல் ஜார்ஜ் மில்லர், உடனடி நினைவின் கொள்ளளவை ஏழையொட்டிய அலகுகளாகக் கணித்தார். நெல்சன் கோவன் 2001இல் அதனை நான்களவாகக் குறைத்தார். அலகு என்பது சொல் அன்று. பொருளால் ஒன்றுபட்ட தொகுதி. எனவே பயிற்சியின் முதற்கட்டம் தாளின்றியே நிகழ வேண்டும். இருபது சொல் அளவுள்ள பேச்சைக் கேட்டு, அதே மொழியில், சொற்களை மாற்றி, மூன்று அல்லது நான்கு செய்திகளாகத் திருப்பிச் சொல்லுதல் அது. இம்முறையில் கேட்பவர் காட்சியை மனத்தில் வரைந்துகொள்கிறார். தமிழ் அவதான மரபினின்று இது வேறானது. 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் சொல்லையே பிசகாமல் மீட்டனர். அதற்கு யாப்பு துணை நின்றது. நோயாளியின் பேச்சுக்கு யாப்பு இல்லை. உரைபெயர்ப்பாளர் மீட்க வேண்டியது சொல்லையும் அன்று.

ஆயின் காட்சிநினைவுக்கு ஒரு குறை உண்டு. இருமல், மாத்திரை, காய்ச்சல் ஆகியவற்றை மனம் எளிதில் படமாக்கும். 'இல்லை' என்பதைப் படமாக்க இயலாது. 'ஆனால்', 'ஆகையால்', 'என்று யாரோ சொன்னாராம்' என்பனவும் அவ்வாறே. எண்ணுக்கும் படமில்லை. ஆகவே, பொருள்களை நினைவுக்கும், உறவுகளையும் எண்களையும் தாளுக்கும் ஒதுக்குவதே தக்க பங்கீடு. புதிதாகப் பயில்வோர் இதனைத் தலைகீழாகச் செய்வர்: பெயர்ச்சொற்களை எழுதி, விகுதிகளை நினைவுக்கு விடுவர்.

ரோசானின் முறையும் தமிழின் ஈறும்

ஜெனீவாவில் 1956இல் வெளிவந்த ழான் பிரான்சுவா ரோசானின் சிறுநூல் குறிப்பெடுத்தலுக்கு ஏழு நெறிகளை வகுத்தது. சொல்லை விடுத்துக் கருத்தை எழுதுதல், சுருக்கம், இணைப்பு, எதிர்மறை, அழுத்தம், மேலிருந்து கீழாக எழுதுதல், படிப்படியாக வலப்புறம் நகர்த்துதல் என்பன அவை. இணைப்புச் சொல்லை இடப்புறத்தில் தெளிவாக நிறுத்த வேண்டும் என்பது அம்முறையின் உயிர்நாடி எனலாம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் காரண, நிபந்தனைச் சொற்கள் வாக்கியக் கூறின் தலையில் வருவதால் கேட்ட வரிசையிலேயே எழுதிச் செல்ல முடிகிறது.

தமிழில் அவை ஈற்றில் வருகின்றன. '-ஆல்', '-ஆலும்', 'என்று', 'இல்லை', '-ஆம்' ஆகியவற்றைக் கேட்கும் நேரத்தில் கை முன் வந்த பெயர்ச்சொல்லை எழுதிக்கொண்டிருக்கும். டேனியல் கீல் விளக்கியதுபோல் கேட்டல், நினைத்தல், எழுதுதல் ஆகிய மூன்றும் ஒரே கவன ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எழுத்து மிகும்போது கேட்டல் குறையும். ஆங்கிலத்தில் அக்குறை எங்கும் விழலாம். தமிழில் அது தொடரின் முடிபாகிய ஈற்றின்மீதே விழுகிறது.

இதற்கான மாற்றம் எளிது. தாளின் இடப்புறத்தில் இரு விரல் அகலத்தை வெற்றிடமாக விட வேண்டும். கூறு முடியும்வரை அங்கு எதுவும் எழுதலாகாது. ஈறு காதில் விழுந்தபின் கை பின்சென்று உரிய குறியை அங்கே இட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

காசநோய்ப் பிரிவின் உரையாடலாகப் பயிற்சிக்கென அமைக்கப்பட்ட ஒரு கூறு வருமாறு:

"இருமல் நின்னுபோச்சுன்னு ரெண்டு மாசத்துல மாத்திரைய நிறுத்திட்டேன். இனிமே வேணாம்னு கம்பவுண்டர் சொன்னாராம், மருமக வந்து சொன்னா. இப்ப பத்து நாளா சாயங்காலம் காய்ச்சல் அடிக்குது. சளியில ரத்தம் மட்டும் வரல."

சொல் இருபத்துமூன்றே, ஆங்கிலத்தில் நாற்பதைத் தாண்டும். இதற்கான குறிப்பு:

இரு |
∴ மாத் 2மா→ |
(மரும ←) கம்ப: மாத் ✗
இப் 10நா→ மாலை காய்
சளி, ரத் ✗

நிமிர்கோடு நின்றுபோனதைக் குறிக்கும். முதல் வரியை எழுதும்போது அது காரணம் என்பது தெரியாது. 'நின்னுபோச்சுன்னு' என்பதன் ஈறு கேட்டபின்னரே இரண்டாம் வரியின் இடப்புறத்தில் ∴ இடப்படுகிறது. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் அதனை முதலில் காண்பார்.

'2மா' என்று மட்டும் எழுதுவது பயனற்றது. 'ரெண்டு மாசத்துல நிறுத்திட்டேன்' என்றால் இரண்டு மாதம் உண்டு நிறுத்தியது. 'நிறுத்தி ரெண்டு மாசமாச்சு' என்றால் நிறுத்தியபின் கழிந்த காலம். எண் ஒன்றே, பொருள் வேறு. காசநோய்க்கான வழக்கமான மருத்துவம் ஆறு மாதம் நீள்வது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் தரப்படும். அக்கட்டத்தோடு விட்டவரா, முழுமையாக உண்டு முடித்தவரா என்பது மருத்துவரின் அடுத்த முடிவை மாற்றிவிடும். எனவே அம்புக்குறி எண்ணோடு சேர்ந்தே எழுதப்பட வேண்டும்.

மூன்றாம் வரியே மிகுதியும் தவறுவது. 'சொன்னாராம்' என்பதில் உள்ள 'ஆம்' விடுபட்டால், கம்பவுண்டர் நோயாளியிடம் நேரில் கூறியதாகிவிடும். உண்மையில் அவர் கூற்று மருமகள் வழியாக வந்தது. 'வேணாம்' என்பதன் ஈறும் ஒலியால் அதனை ஒத்திருப்பதால் செவி எளிதில் மயங்கும். மருத்துவமனையில் இப்பிழை சிறிதாகத் தோன்றலாம். நீதிமன்றத்தில் அவ்வாறன்று. வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 60ஆம் பிரிவு நிறுவிய நெறி. சாட்சி தாமே 'ஆம்' விகுதியால் கேள்விச்செய்தி என அறிவித்ததை உரைபெயர்ப்பாளர் நேர்ச்சான்றாக்கிவிடலாகாது. உரைபெயர்ப்பாளர் உண்மையாகப் பெயர்த்துரைக்கக் கடமைப்பட்டவர் என 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 282ஆம் பிரிவு விதித்தது. விகுதியும் அக்கடமையுள் அடங்கும் எனக் கொள்வதே முறை.

கடைசி வரியில் 'மட்டும்' வரையறைப் பொருளில் வரவில்லை. ஏனைய தொல்லைகள் உண்டு, இரத்தம் ஒன்றுதான் இல்லை என்பதே கருத்து. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்புக்கிடமான ஆங்கிலம் பிறக்கும். விரைவில் பெயர்த்தால் எதிர்மறை நழுவி, இரத்தம் வருவதாகவே முடியும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

எதிர்த்திசையில் சிக்கலும் எதிர்முகமாக அமைகிறது. மருத்துவர் ஆங்கிலத்தில், நிறுத்தாதீர்கள் என்று தொடங்கி, கண் மஞ்சளானாலன்றி என்று முடிக்கிறார் எனக் கொள்வோம். குறிப்பு, கேட்ட வரிசையில் மேலிருந்து கீழாக அமையும். தமிழிலோ நிபந்தனை முதலிலும் விலக்கு இறுதியிலும் வர வேண்டும். ஆகவே எழுதும்போது வரிசையை மாற்ற முயலாமல், நிபந்தனை வரியின் இடப்புறத்தில் ஒரு மேல்நோக்கிய அம்பை இட்டு, படிக்கும்போது கீழ்வரியிலிருந்து தொடங்குவதே நேரம் மிச்சப்படுத்தும். அதே மருத்துவர் தொடர்ந்து, சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது ரிஃபாம்பிசினின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை என்பார். கண்ணின் மஞ்சளோ கல்லீரல் பாதிப்பின் அறிகுறி. இரு நிறங்களும் படமாக நன்கு பதியும். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பது மட்டும் இடம் மாறிவிடும். ஒன்றன் அருகே '!' உம் மற்றதன் அருகே '✗' உம் இருந்தால் போதும்.

ஆங்கிலத்தில் ஒரே தன்மைப் பன்மை வடிவம், தமிழில் 'நாம்', 'நாங்கள்' எனப் பிரிகிறது. ஊடுகதிர்ப் படம் எடுப்போம் என மருத்துவர் கூறும்போது 'நாங்கள்' என்பதே பொருந்தும். இதற்குக் குறி தேவையில்லை. பேசுபவர் யார் என்ற உணர்வு போதும்.

பிழையை இனங்காணல்

பயில்வோர் தம் குரலைப் பதிவுசெய்து, மூலத்தோடு ஒப்பிடுவதே சிறந்த சோதனை. விடுபட்டவை எண்ணிக்கையில் எத்தனை என்பதைவிட எங்கு விழுந்தன என்பதே முதன்மையானது. கூறின் இறுதிப் பகுதி தொடர்ந்து விடுபட்டால் எழுத்து மிகையாயிற்று என்று பொருள். பேச்சு முடிந்தபின்னும் கை ஓடிக்கொண்டிருந்திருக்கும். செய்திகள் யாவும் இருந்து, காரணமும் நிபந்தனையும் மாறியிருந்தால் இடப்புற வெற்றிடம் நிரப்பப்படவில்லை. நடுவில் ஒரு செய்தி மறைந்தால் பகுப்பில் குறை. தாளின்றிப் பயிலும் முதற்கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். எழுதிய தாளைப் பிறர் ஒருவர் படித்து முழுப் பொருளையும் அறிந்துகொண்டால் அதுவும் பிழையே: அவ்வளவு எழுதியவர் அவ்வளவு நேரம் கேட்கவில்லை.